சீட்டு, மாத வட்டி, ‘ஸ்கீம்’: பணம் கட்டும் முன் சென்னைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

எங்க தெருவுல ஒரு அக்கா சீட்டு நடத்துறாங்க. 5 லட்ச ரூபாய் சீட்டு, 20 மாசம். கடைசி வரைக்கும் எடுக்காம இருந்தா 7 லட்சம் தர்றேன்னு சொல்றாங்க. சேரலாமா?

வேண்டாம். அந்த அக்கா நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதற்கு முன்பே, கணக்கு உதைக்கிறது.

ஏலச்சீட்டில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 20 பேர், ஆளுக்கு மாதம் 25,000. மொத்தம் 5 லட்சம். இதுதான் அந்த மாதத்துச் சீட்டுத் தொகை. அவசரமாகப் பணம் தேவைப்படும் ஒருவர் 1,50,000 தள்ளிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைக்கு 3,50,000 போகும். தள்ளிய 1,50,000-ல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், அதாவது 25,000. மீதி 1,25,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 6,250. அந்த மாதம் நீங்கள் 25,000-க்குப் பதில் 18,750 கட்டினால் போதும்.

ஆக, காத்திருப்பவருக்கு லாபம் வருவது கட்டும் தவணை குறைவதில்தான். கடைசியில் கைக்கு வரும் தொகை சீட்டுத் தொகையைத் தாண்டவே முடியாது. கடைசி ஆளுக்கும் கமிஷன் போக 4,75,000 வரும். அந்த மாதப் பெட்டியில் இருப்பதே 5 லட்சம்தான். 7 லட்சம் தர வேண்டுமென்றால் 2 லட்சம் வெளியிலிருந்து வர வேண்டும். அது வேறொரு சீட்டுக்காரர்களின் பணமாகத்தான் இருக்கும். சீட்டுத் தொகையைவிட அதிகம் தருகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் நடத்துவது ஏலச்சீட்டு இல்லை.

அப்போ நியாயமான சீட்டுல எவ்வளவுதான் லாபம் வரும்?

மேலே சொன்ன சீட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் 1,50,000 தள்ளு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கடைசி மாதம் கமிஷன் 25,000 மட்டும் என்று போகிறது. அப்படிப் போனால் 20 மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டியிருப்பது 4,37,500. கடைசி ஆள் வாங்குவது 4,75,000. லாபம் 37,500. பணம் முழுவதும் முதல் நாளிலேயே கட்டப்படவில்லை, மாதாமாதம் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது ஆண்டுக்குச் சுமார் 11 சதவீதம். முதலில் எடுத்தவர் 3,50,000 வாங்கிவிட்டு அதே 4,37,500 கட்டுகிறார். அவருக்கு அது கடன், 87,500 அதற்கான செலவு.

20 பேரையும் சேர்த்துக் கூட்டினால், கட்டியது 87,50,000. எல்லோரும் வாங்கியது 82,50,000. மீதி 5 லட்சம் நடத்துபவரின் கமிஷன். குழுவுக்கு உள்ளே பணம் வளர்வதில்லை, கைமாறுகிறது. அதனால் ‘முதலில் எடுத்தாலும் லாபம், கடைசியில் எடுத்தாலும் லாபம்’ என்று ஒருவர் பேசினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தள்ளு அதிகம் போனால் லாபம் கூடும், குறைந்தால் குறையும். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே யாராலும் உறுதி சொல்ல முடியாது. உறுதி சொல்வதுதான் பெரிய எச்சரிக்கை.

‘அரசு பதிவு பெற்ற சீட்டு’ன்னு போர்டு இருக்கு. உண்மையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பலரும் கம்பெனி பதிவைக் கேட்டுவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். சீட்டு நிதிச் சட்டம், 1982-ன்படி ஒவ்வொரு சீட்டுக் குழுவும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். கம்பெனி பத்து வருடமாக நடக்கலாம், அதன் ஐந்து குழுக்கள் பதிவாகியும் இருக்கலாம். உங்களைச் சேர்க்கும் ஆறாவது குழு பதிவாகாமல் ஓடலாம். பழைய குழுவின் காகிதத்தைக் காட்டிப் புதிய குழுவுக்கு ஆள் சேர்ப்பது நடக்கக்கூடியதுதான்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது உங்கள் குழுவுக்கான காகிதங்களை. முதலில், சீட்டைத் தொடங்கப் பதிவாளர் கொடுத்த முன் அனுமதி. அடுத்து, பதிவு செய்த சீட்டு ஒப்பந்தம். அதில் சீட்டுத் தொகை, எத்தனை பேர், எத்தனை மாதம், ஏலம் எங்கே எப்போது என்று எல்லாம் இருக்கும். அதன் நகல் ஒன்று உங்களுக்குத் தரப்பட வேண்டும். அப்புறம் தொடக்கச் சான்று. அது கைக்கு வராமல் முதல் ஏலமே நடத்தக் கூடாது. ‘அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும், நீங்க முதல் தவணையைக் கட்டிடுங்க’ என்றால், வந்த பிறகு கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். நேர்மையாக நடத்துபவர் கோபப்பட மாட்டார்.

இந்தக் காகிதங்களில் உள்ள எண்களைக் குறித்துக்கொண்டு பதிவுத்துறையில் போய்க் கேளுங்கள். சீட்டுகளைப் பதிவு செய்வது பத்திரம் பதியும் அதே துறைதான். உங்கள் பகுதிக்குரிய சீட்டுப் பதிவாளர் எந்த அலுவலகத்தில் இருக்கிறார் என்று பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள். அரை நாள் வேலை கெடும். 5 லட்ச ரூபாய்க்கு முன்னால் அது பெரிய விஷயமில்லை.

பெயரையும் பாருங்கள். சீட்டு நடத்தும் நிறுவனத்தின் பெயரிலேயே ‘சிட்’ போன்ற சொல் இருக்க வேண்டும் என்பது சட்டம். ‘டிரேடிங்’, ‘கன்சல்டன்சி’, ‘மார்க்கெட்டிங்’ என்ற பெயரில் ரசீது கொடுத்துவிட்டுச் சீட்டு என்று சொன்னால் அது சரியில்லை.

பதிவு பெற்ற சீட்டுன்னா பணம் முழுசா பத்திரம்தானே?

இல்லை. இதை ஏஜென்ட்டுகள் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீட்டு நடத்துபவர் ஒரு குழுவுக்குச் சீட்டுத் தொகை அளவுக்குப் பதிவாளரிடம் பிணையம் காட்ட வேண்டும். நம் உதாரணத்தில் 5 லட்சம். இப்போது 12-வது ஏலம் முடிந்ததும் சீட்டு நின்றுவிட்டது என்று வையுங்கள். இன்னும் எடுக்காதவர்கள் 8 பேர். ஒவ்வொருவரும் அதுவரை கட்டியது ஏறக்குறைய 2,47,000. எட்டுப் பேருக்கும் சேர்த்து 20 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த 5 லட்சப் பிணையம் இதில் கால்வாசிக்குத்தான் வரும்.

மீதியைக் காப்பாற்றுவது எது? ஏற்கெனவே சீட்டு எடுத்த 12 பேர் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி. ஆளுக்கு 8 தவணை, 25,000 வீதம் 2 லட்சம். 12 பேருக்கு 24 லட்சம் வரை. அவர்களிடம் நல்ல ஜாமீன் வாங்கியிருந்தால் அந்தப் பணம் வசூலாகும், உங்களுக்கும் திரும்ப வரும். ஜாமீன் வாங்காமல் கொடுத்திருந்தால், அல்லது எடுத்தவர்களே நிஜ ஆட்களாக இல்லாவிட்டால், காகிதத்தில்தான் 24 லட்சம் இருக்கும்.

நிஜ ஆட்களாக இல்லாவிட்டால் என்றேனே, அதுதான் சீட்டில் நடக்கும் பழைய மோசடி. 20 இடத்தில் ஐந்தாறு இடத்தை நடத்துபவரே டிரைவர் பெயரிலும் மாமியார் பெயரிலும் வைத்துக்கொள்வார். முதல் ஏலங்களில் அந்தப் பெயர்களே அதிகத் தள்ளுக்கு எடுக்கும். தள்ளு அதிகம் என்பதால் மற்றவர்களுக்குக் கழிவும் நன்றாகக் கிடைக்கும், எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். ஐந்தாறு மாதத்தில் கையில் சேர்ந்த பணம் ரியல் எஸ்டேட்டுக்கோ பழைய கடனை அடைக்கவோ போய்விடும். பிறகு அந்தப் பெயர்களில் தவணை வராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி ஏலத்துக்கு நேரில் போவதுதான். முதல் நான்கைந்து ஏலத்துக்காவது போங்கள். யார் கேட்டார், யார் எடுத்தார், அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஏல நடவடிக்கையை எழுதி, வந்திருக்கும் சந்தாதாரர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ‘ஏலம் முடிஞ்சுடுச்சு, இந்த மாசம் இவ்வளவு கட்டுங்க’ என்று வாட்ஸ்அப்பில் மட்டும் தகவல் வருகிறதென்றால், எடுத்தவர் யார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் மேலே கட்டுவதை யோசியுங்கள்.

நான் சீட்டு எடுக்கப் போனா ரெண்டு அரசு ஊழியர் ஜாமீன், வீட்டுப் பத்திரம்னு இழுத்தடிக்கிறாங்க. ஜாமீனே கேக்காத இடம் நல்லதில்லையா?

எடுக்கும் நாளில் நல்லது, காத்திருக்கும் 19 மாதமும் கெட்டது. உங்களிடம் கேட்காதவர் உங்களுக்கு முன்னால் எடுத்தவரிடமும் கேட்டிருக்க மாட்டார். ஜாமீனில் கண்டிப்பாக இருக்கும் இடத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

எங்க சீட்டு கம்பெனியிலேயே ‘சீட்டுப் பணத்தை எடுக்காதீங்க, இங்கேயே டெபாசிட் போட்டுடுங்க, மாசம் 3 சதவீதம் தர்றோம்’னு சொல்றாங்க.

சீட்டு நடத்தும் நிறுவனம் அரசின் அனுமதி இல்லாமல் வேறு தொழில் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதும் அதற்குக் கூடாது. நன்றாக நடந்த சீட்டு சறுக்கத் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். எடுத்தவர்களிடம் வசூல் நின்றுவிட்டது, இந்த மாதம் 5 லட்சம் கொடுக்க வேண்டும், கையில் 3 லட்சம்தான் இருக்கிறது. அப்போதுதான் ‘எடுக்காதீர்கள், இங்கேயே விடுங்கள்’ என்ற பேச்சு வரும்.

மாதம் 3 என்றால் ஆண்டுக்கு 36. டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனங்கள்கூட ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. நிதி என்று பெயர் வைத்திருக்கும் பெனிஃபிட் ஃபண்டுகளுக்கும் அந்த உச்சவரம்புதான், அவை உறுப்பினர்களிடம் மட்டுமே வாங்கலாம், சீட்டு நடத்தக் கூடாது. வட்டியை மாதக் கணக்கில் சொன்னால் உடனே 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். 12.5-ஐத் தாண்டியதும் கேள்வி கேட்க வேண்டியது உங்கள் முறை.

ஏலம் முடிந்து உங்களுக்கு வர வேண்டிய பணத்தை வாங்கிவிடுங்கள். கொடுக்கத் தயங்கினால் எழுத்தில் கேளுங்கள், பதிவாளருக்கு ஒரு நகல் போடுங்கள்.

ஆனா அந்த கம்பெனிகிட்ட கம்பெனி பதிவு, ஜிஎஸ்டி, பான், எல்லா சான்றிதழும் மாட்டி வெச்சிருக்காங்களே?

கம்பெனி பதிவு என்றால் அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்று அர்த்தம். ஜிஎஸ்டி என்றால் வரிக்குப் பதிந்திருக்கிறார்கள். டீக்கடை வைத்தாலும் இவை வாங்கலாம். பொதுமக்களிடம் பணம் வாங்கி வட்டி தர இவற்றில் எதுவும் அனுமதி இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: டெபாசிட் வாங்க உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார்? பதிலை ரிசர்வ் வங்கியின் `sachet.rbi.org.in` தளத்தில் சரிபார்க்கலாம், அங்கேயே புகாரும் கொடுக்கலாம்.

முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டு, பின்னால் வரும் தேதி போட்ட செக்கும் கொடுப்பார்கள். டெபாசிட் என்ற சொல்லே வராமல் ‘கைமாற்று’, ‘வியாபாரப் பங்கு’ என்று எழுதியிருக்கும். அவை பின்னால் ஆதாரமாக உதவும், பணத்தைக் காக்காது. கணக்கில் பணமில்லாத செக் வெறும் தாள்தான்.

எங்க மச்சான் போன வருஷம் ஒரு கம்பெனியில 1 லட்சம் போட்டார். மாசாமாசம் 30,000 டான்னு வருது. கண்ணால பார்த்ததை எப்படி நம்பாம இருக்கிறது?

மச்சானுக்கு வந்தது உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை. அந்த 30,000 எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

ஒரு கணக்குப் போடுவோம். 100 பேர் 1 லட்சம் போட்டால் 1 கோடி. ஏஜென்ட் கமிஷன் 5 லட்சம் போக 95 லட்சம். முதல் மாதம் 30 லட்சம், இரண்டாம் மாதம் 30, மூன்றாம் மாதம் 30 கொடுத்தாகிவிட்டது. மீதி 5 லட்சம். நான்காம் மாதம் 30 கொடுக்க, எந்தத் தொழிலும் செய்யாமலேயே, புதிதாகக் கிட்டத்தட்ட 25 பேர் வேண்டும். அந்த 25 பேருக்கும் அடுத்த மாதத்திலிருந்து 30,000 வீதம் கொடுக்க வேண்டும், அதற்கு இன்னும் அதிகம் பேர் வேண்டும். முதலில் வந்தவர்களுக்குச் சரியாகக் கொடுப்பது இந்த ஏற்பாட்டின் அவசியம். அவர்கள்தான் விளம்பரம். உங்கள் மச்சான் உங்களிடம் சொல்லிவிட்டார் பாருங்கள்.

சென்னை அமைந்தகரையில் இயங்கிய ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின் மேல் 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போட்ட வழக்கை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகக் குற்றச்சாட்டு. போட்டவர்களில் பலரும் முதலில் வாங்கிய உறவினரையோ அலுவலக நண்பரையோ பார்த்துத்தான் போட்டார்கள்.

மாதம் 30 சதவீதம் உறுதியாக வரும் தொழில் ஒருவரிடம் இருந்தால், அவர் வங்கியில் ஆண்டுக்கு 12, 14 சதவீதத்துக்குக் கடன் வாங்கி அதைச் செய்வார். அதைவிடப் பல மடங்கு கொடுத்து உங்கள் 1 லட்சத்தைத் தேடி வர மாட்டார்.

மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள்: வட்டியை வாங்கி வாங்கி மறுபடி அங்கேயே போடாமல், போட்ட அசலை முழுதாகத் திருப்பிக் கேட்கட்டும். அப்போது ‘மூன்று மாதம் பொறுங்கள்’, ‘இப்போது எடுத்தால் போனஸ் போய்விடும்’ என்று பதில் வந்தால், உங்களுக்கும் பதில் தெரிந்துவிடும்.

தீபாவளி சீட்டும் நகைச்சீட்டும் இதே கதைதானா?

தீபாவளி சீட்டு ஏலச்சீட்டு இல்லை. மாதம் 500 கட்டி, கடைசியில் 6,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குவதுதான். பொருளின் மதிப்பு கட்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மொத்த விலைக் கொள்முதல் என்று ஏற்கலாம். 6,000 கட்டியவருக்குத் தங்கக் காசு, வெள்ளிக் குத்துவிளக்கு, பாத்திரம், பட்டாசு, மளிகை என்று 10,000-க்கு மேல் பட்டியல் போட்டால் அடுத்த வருடம் சேருபவர் பணத்தில்தான் இந்த வருடம் கொடுக்கிறார்கள்.

நகைக்கடைத் திட்டங்கள் 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம் உண்டு. பொருளுக்கான முன்பணம் 365 நாளுக்குள் முடிந்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது. எனவே ஒரு வருடத்தைத் தாண்டிய திட்டம், அல்லது நகைக்குப் பதில் வட்டியோடு பணமாகத் தருகிறோம் என்ற திட்டம் என்றால் ஒதுங்குங்கள்.

ஏற்கெனவே கட்டிட்டேன். ரெண்டு மாசமா பணம் வரலை. ‘புகார் கொடுத்தா கணக்கை முடக்கிடுவாங்க, யாருக்கும் கிடைக்காது’ன்னு ஏஜென்ட் சொல்றார்.

பாதிதான் உண்மை. புகார் வந்தால் கணக்குகள் முடக்கப்படும், சரி. ஆனால் முடக்காத ஒவ்வொரு வாரமும் அந்தப் பணம் வேறு பெயருக்கு மாறிக்கொண்டிருக்கும். காத்திருக்கச் சொல்பவர் அந்த நேரத்தைத்தான் கேட்கிறார்.

முதலில் ஆதாரம். ரசீது, பாஸ்புக், ஒப்பந்தம், செக் எல்லாவற்றையும் படம் எடுத்து வேறொருவருக்கு அனுப்பி வையுங்கள். வங்கி அறிக்கையும் ஜிபே பதிவுகளும் வேண்டும். வாட்ஸ்அப் குழு கலைக்கப்படும் முன்பே உரையாடலை ஏற்றுமதி செய்துவிடுங்கள். ‘புது ஒப்பந்தம் போடணும், பழைய பத்திரத்தைக் கொடுங்க’ என்று கேட்டால் மூலத்தைக் கொடுக்காதீர்கள்.

எங்கே போவது என்பது நீங்கள் கட்டியது என்ன என்பதைப் பொறுத்தது. பதிவு பெற்ற சீட்டில் தகராறு என்றால் சீட்டுப் பதிவாளரிடம்தான் முதலில் போக வேண்டும், விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. கால வரம்பு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். பதிவில்லாத சீட்டு நடத்தியவர் ஓடிவிட்டால் காவல் நிலையம். தொகை பெரிது, பாதிக்கப்பட்டவர்கள் பலர் என்றால் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவு. வட்டி தருவதாகச் சொல்லி டெபாசிட் வாங்கிய நிறுவனம் என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு.

கடைசியாகச் சொன்ன வழியில் 1997-ம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. டான்பிட் சட்டம் என்று பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். இதன்படி நிறுவனம், அதன் இயக்குநர்கள் ஆகியோரின் சொத்துகளை அரசு பறிமுதல் செய்யும். சிறப்பு நீதிமன்றம் உறுதி செய்த பிறகு அவை விற்கப்பட்டு, புகார் கொடுத்தவர்களுக்கு விகிதாசாரப்படி பிரிக்கப்படும். வருடங்கள் ஆகும். முழுத் தொகை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அந்தப் பங்கும் வராது, எனவே மற்றவர்கள் கொடுத்துவிட்டார்களே என்று சும்மா இருக்காமல் உங்கள் பெயரில் தனியாகக் கொடுங்கள்.

நானே அக்கா, சித்தப்பான்னு ஏழெட்டுப் பேரைச் சேர்த்துவிட்டு கமிஷன் வாங்கியிருக்கேன். நான் புகார் கொடுத்தா என் மேலயும் வழக்கு வருமா?

வரலாம். இப்படிப்பட்ட வழக்குகளில் ஆள் சேர்த்த முகவர்களும் கைதாகியிருக்கிறார்கள். அதனால் ஒரு வழக்கறிஞரோடு போவது நல்லது. இன்றோடு ஆள் சேர்ப்பதை நிறுத்துங்கள், ஒருவரிடமும் இன்னொரு தவணை வாங்காதீர்கள். நீங்கள் வாங்கிய கமிஷன் எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் வந்தது என்று எழுதி வையுங்கள், அதைச் செலவழிக்காமல் தனியாக வைத்திருப்பது இன்னும் நல்லது. நீங்கள் சேர்த்த ஏழெட்டுப் பேரிடமும் நடந்ததை நீங்களே சொல்லி, அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ரசீதோடு புகார் கொடுக்க உதவுங்கள். சித்தப்பா முதலில் திட்டுவார். ஏஜென்ட் சொல்லித் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரிந்தால், அவருக்கு ரசீது தேடவாவது நேரம் கிடைக்கும்.